மூன்றடி முடுக்கு: ஒரு மாதிரி விடைத்தாள்

மேற்கு வீட்டுக்காரரிடம் 1978ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் இருக்கிறது. கிழமேல் 33 அடி, தென்வடல் 60 அடி. கிழக்கு வீட்டுக்காரரின் பத்திரம் 1981ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிழமேல் 30 அடி, தென்வடல் அதே 60. 1996 மே மாதம் கிழக்கு வீட்டுக்காரர் சுற்றுச்சுவர் எழுப்புகிறார். சுவர் மேற்கு மனைக்குள் மூன்றடி தள்ளி நிற்கிறது. அந்த 180 சதுரடியில் துவைகல் போட்டு, குளியலறை கட்டி, முருங்கை வைத்து அனுபவித்து வருகிறார். மேற்கு வீட்டுக்காரருக்கு மும்பையில் வேலை. வீடு பூட்டிக் கிடக்கிறது; ஆண்டுக்கொரு முறை கோயில் கொடைக்கு வந்து போகிறார். 2003இல் கிழக்கு வீட்டுக்காரர் தன் வீட்டை வங்கியில் அடமானம் வைக்கிறார். அடமானப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழமேல் 30 அடி என்றே இருக்கிறது. 2007 ஆகஸ்டில் மும்பைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: ‘உங்கள் மனையில் மூன்றடி என் சுவருக்குள் இருக்கிறது. அதை எனக்கே கிரயம் செய்து கொடுத்தால் விலை பேசிக்கொள்ளலாம்.’ கீழே கையெழுத்து. பதில் வரவில்லை. 2011இல் மேற்கு வீடு வேறொருவருக்கு விற்கப்படுகிறது. வாங்கியவர் 2015இல் சர்வேயரை வைத்து அளந்து, மூன்றடி குறைவதைக் கண்டுபிடிக்கிறார். 2016இல் வக்கீல் நோட்டீஸ். 2018 ஜனவரியில் உரிமை விளம்புகையும் சுவாதீனமும் கேட்டு வழக்கு. பிரதிவாதியான கிழக்கு வீட்டுக்காரர் இரண்டு பதில் சொல்கிறார். இடம் என் பத்திரத்திலேயே அடங்கியது என்பது ஒன்று. அப்படி இல்லையென்றாலும், 1996 முதல் 12 ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்ததால் எதிரிடை அனுபவத்தில் எனக்குச் சொந்தமாகிவிட்டது என்பது மற்றொன்று. தீர்ப்பு எழுதுக.

திருநெல்வேலிப் பக்கம் முன்சீப் கோர்ட்டில் நெடுங்காலமாக சிவில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலம்மா, சிவில் நீதிபதித் தேர்வுக்குப் படிக்கும் ஜூனியர்களுக்குக் கொடுக்கும் கேள்வி இது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான இடத்தை அந்தப் பக்கத்தில் முடுக்கு என்பார்கள். அவர் நடத்திய முடுக்கு வழக்குகள் பலவற்றிலிருந்து ஆள் அடையாளம் தெரியாதபடி துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய சங்கதிகள்தான் இவை. எழுதி வாங்கிய விடைத்தாளைத் திருத்திய பிறகு, தானே எழுதிய மாதிரி விடையை வாசித்துக் காட்டுவார். அந்த விடை எந்த வரிசையில் நகர்கிறது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எந்த வழக்கின் அனுபவம் இருக்கிறது என்பதில்தான் அவருடைய தொழில் அறிவு முழுதும் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே இடத்தில் சறுக்கும். 1996 முதல் 2018 வரை 22 ஆண்டுகள். சட்டம் கேட்பதோ 12. ஆகவே இடம் பிரதிவாதிக்கே. இப்படி எழுதிவிட்டு மாணவர் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வக்கீலம்மா அந்த 22ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எந்த நாளிலிருந்து? யாருக்கு எதிராக? என்ன எண்ணத்தோடு?’ என்று எழுதுவார். எத்தனை ஆண்டு ஒருவர் ஓர் இடத்தில் இருந்தார் என்பது மட்டும் அவரை உரிமையாளர் ஆக்காது. வாடகைக்காரர் ஐம்பது ஆண்டு இருந்தாலும் வாடகைக்காரர்தான். தயவில் இருக்கும் உறவினர் தயவில் இருப்பவர்தான். இருப்பு எப்போது உரிமையாளருக்கு எதிரானதாக மாறியது என்ற நாளைக் காட்டினால்தான் காலக் கணக்கே தொடங்குகிறது.

மாதிரி விடை எதிரிடை அனுபவத்தில் தொடங்குவதில்லை. முதல் எழுவினா, தாவா இடம் யாருடைய பத்திரத்தில் அடங்கியது என்பது. இதை வாதிதான் நிரூபிக்க வேண்டும். மாணவர்கள் இந்தப் படியை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள், ஏனென்றால் கேள்வியிலேயே 33 அடி என்று கொடுத்தாயிற்று. உண்மையான வழக்கில் தாளில் இருக்கும் 33 அடியைத் தரையில் காட்டியாக வேண்டும். அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி கமிஷனர் போட்டு, சர்வேயர் உதவியோடு அளக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். கமிஷனர் அறிக்கையில் வக்கீலம்மா முதலில் தேடுவது, அளவை எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினார்கள் என்பதைத்தான். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து நாடா பிடித்திருந்தால் அந்த அறிக்கையால் பயனில்லை. அந்தச் சுவரும் தன் இடத்தில்தான் நிற்கிறதா என்று யாருக்குத் தெரியும்? சர்வே கல்லிலிருந்தோ, புலப்படத்தில் குறித்திருக்கும் நிலையான புள்ளியிலிருந்தோ அளந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக அவர் பார்ப்பது கூட்டுத்தொகை. இரு மனைகளுக்கும் சேர்த்துப் பத்திரப்படி 63 அடி வர வேண்டும். தரையில் 63 இருந்து, கிழக்கு மனை 33 ஆகவும் மேற்கு மனை 30 ஆகவும் நின்றால் ஆக்கிரமிப்பு தெளிவு. தரையில் மொத்தமே அறுபத்தொன்றுதான் என்றால் வழக்கின் முகமே மாறிவிடும். அப்போது இருவருக்கும் விற்றவர் ஒருவர்தானா, யாருக்கு முதலில் விற்றார் என்று மூலப் பத்திரத்துக்குப் போக வேண்டும். ஒரே ஆள் விற்றிருந்தால், 1978இல் 33 அடி கொடுத்துவிட்டவருக்கு 1981இல் மிச்சம் இருந்ததைத்தான் கொடுக்க முடியும். நம் கேள்வியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ‘கமிஷனர் அளவையால் இரு பத்திரங்களின் அளவும் தரையோடு பொருந்துவதாகக் கொண்டால்’ என்று விடையில் ஒரு வரி இருந்தால், எழுதியவர் கோர்ட்டுக்குள் கால் வைத்தவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும் என்பார் அவர்.

பட்டா பிரதிவாதி பெயரில் இருந்தால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைக்குச் சான்று ஆகாது. வீட்டுவரி ரசீதும் அப்படித்தான், மேலும் அது கட்டடம் முழுமைக்கும் போடப்படுவது. மூன்றடி முடுக்குக்கென்று தனியாக யாரும் வரி கட்டுவதில்லை. பிரதிவாதிகள் கட்டுக்கட்டாக வரி ரசீதுகளைச் சான்றாவணமாக அடுக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்டாலே போதும்.

உரிமை வாதிக்கே என்று முதல் எழுவினா தீர்ந்ததும், விடை காலவரையறைச் சட்டத்துக்குள் நுழைகிறது. இங்கேதான் பழைய கைடுகளை வைத்துப் படித்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில், சுவாதீனத்தை இழந்த வாதி கடந்த 12 ஆண்டுகளுக்குள் தன்னிடம் சுவாதீனம் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. உரிமைப் பத்திரம் கையில் இருந்தும் இதை நிரூபிக்க முடியாமல் தோற்றவர்கள் உண்டு. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையைத் தூக்கி மறுபக்கம் வைத்தது. உரிமையை வைத்து சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு இப்போது 65ஆம் உறுப்பு. பிரதிவாதியின் சுவாதீனம் எப்போது வாதிக்கு எதிரானதாக ஆகிறதோ அந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள். உரிமையைப் பேசாமல், முன்பு என்னிடம் இருந்தது, பிடுங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லும் வழக்குக்குத்தான் 64ஆம் உறுப்பு. வாதி தன் உரிமையை நிரூபித்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. எதிரிடை அனுபவத்தை நிரூபிக்க வேண்டியவர் பிரதிவாதி. இதற்கு இந்திரா எதிர் ஆறுமுகம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோள் காட்டச் சொல்வார். நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது.

சில மாணவர்கள் விளம்புகைக்கு மூன்று ஆண்டுதானே, 2011இல் வாங்கிவிட்டு 2018இல் போட்டது பிந்தவில்லையா என்று குழம்புவார்கள். உரிமை விளம்புகையோடு சுவாதீனமும் சேர்த்துக் கேட்கும்போது 65ஆம் உறுப்பின் 12 ஆண்டுதான் கணக்கு. சி. நடராஜன் எதிர் ஆஷிம் பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மாதிரி விடையில் இதற்கு ஒரு பத்தி கூடக் கிடையாது. ஒரு வாக்கியத்தோடு நகர்ந்துவிடும்.

மூன்றாவது எழுவினாவில் விடை நின்று நிதானிக்கிறது. பிரதிவாதியின் சுவாதீனம் எதிரிடையானதா?

2004இல் கர்நாடக வக்ஃபு வாரியம் எதிர் இந்திய அரசு என்ற வழக்கில், பிஜப்பூரிலுள்ள பழஞ்சின்னங்கள் சம்பந்தமாக, எதிரிடை அனுபவம் கோருபவர் காட்ட வேண்டியவை எவை என்று உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. எந்தத் தேதியில் சுவாதீனத்துக்கு வந்தார், அந்தச் சுவாதீனம் என்ன தன்மையுடையது, எதிர்த்தரப்புக்கு அது தெரிந்திருந்ததா, எவ்வளவு காலம் நீடித்தது, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் இருந்ததா. இந்த ஐந்தையும் கேள்வியின் சங்கதிகள் மேல் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார் வக்கீலம்மா. தேதி 1996 மே. அதில் தகராறு இல்லை. வெளிப்படையா என்றால், ஆம். தெருவில் போகிற எவருக்கும் தெரியும் சுவர் அது. உரிமையாளர் மும்பையில் இருந்தது பிரதிவாதிக்கு எதிரான வாதம் ஆகாது. கண்ணும் கருத்துமாக இருக்கிற உரிமையாளருக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவுக்கு வெளிப்படையாக இருந்தால் போதும், அவர் கண்ணில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அதோடு அவர் ஆண்டுதோறும் கொடைக்கு வந்திருக்கிறார். வாதிக்காக எழுதும் உற்சாகத்தில் மாணவர்கள் இதை மறைக்கப் பார்ப்பார்கள். நீதிபதி ஆகப் போகிறவர் தோற்கிற பக்கத்தின் நல்ல வாதத்தை முழுதாக எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று இந்த இடத்தில் அவர் குரலை உயர்த்துவார்.

மிஞ்சுவது தன்மை, அதாவது எண்ணம். இந்த இடம் உன்னுடையது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே உன் உரிமையை மறுத்து என்னுடையதாக வைத்துக்கொள்கிறேன் என்ற எண்ணம் சுவாதீனத்தின் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும் என்று அன்னக்கிளி எதிர் வேதநாயகம் என்ற 2007ஆம் ஆண்டு வழக்கு சொல்கிறது. உண்மையான உரிமையாளர் யார் என்றே பிரதிவாதிக்குத் தெரியாதபோது எதிரிடை என்ற பேச்சே எழாது என்று 2006இல் டி. அஞ்சனப்பா வழக்கு சொல்லிவிட்டது. எல்லைத் தகராறுகளில் இந்த நிபந்தனைதான் பிரதிவாதிகளின் காலை வாருகிறது. முடுக்கைச் சேர்த்துச் சுவர் கட்டுகிறவர் பெரும்பாலும் அது தன் இடம் என்று நம்பியே கட்டுகிறார். தன் இடம் என்று நம்புகிறவரால் இன்னொருவர் உரிமையை மறுக்க முடியாது. மறுப்பதற்கு அவர் மனதில் இன்னொருவர் இல்லை.

வக்கீலம்மா வாதிக்காக நடத்திய ஒரு வழக்கில் இது சாட்சிக் கூண்டிலேயே தீர்ந்தது. பிரதிவாதி வயதானவர், நேர்மையான மனிதர். பிரதிவாதித் தரப்பில் எதிரிடை அனுபவம் என்று பக்கம் பக்கமாக எதிர்வழக்குரை போட்டிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் வக்கீலம்மா அமைதியாகக் கேட்டார்: “ஐயா, சுவர் வைக்கும்போது அந்த இடம் யாருடையதுன்னு நினைச்சு வெச்சீங்க?”

“எங்க இடந்தாம்மா. பத்திரத்துல இருக்கு. அடுத்தவன் இடத்துல நான் ஏன் சுவர் வைக்கப்போறேன்?”

“அது வாதியோட அப்பா இடம்னு எப்பவாவது நினைச்சதுண்டா?”

“சத்தியமா கிடையாது.”

பிரதிவாதியின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார்; பதில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அந்தப் பெரியவர் தன் நேர்மையைக் காத்துக்கொள்ளச் சொன்ன பதிலிலேயே எதிரிடை அனுபவம் கரைந்துபோனது. மிச்சம் நின்றது, இடம் அவர் பத்திரத்துக்குள் வருகிறதா என்ற அளவைக் கேள்வி மட்டும். கமிஷனர் அளவையில் அது வரவில்லை.

ஆகவே நம் கேள்வியில் பிரதிவாதி எடுத்திருக்கும் இரட்டை நிலையே அவருக்குப் பெரிய பலவீனம். சொந்தப் பத்திரத்தில் வந்த உரிமை என்பதும், எதிரிடை அனுபவத்தில் வந்த உரிமை என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பது கர்நாடக வக்ஃபு தீர்ப்பின் சாரம். முதலாவதைக் கைவிடாத வரை இரண்டாவது செயல்படத் தொடங்குவதே இல்லை. நல்ல விடைத்தாள் இங்கே நின்றுவிடாது. 1981இல் க்ஷிதீஷ் சந்திர போஸ் எதிர் ராஞ்சி ஆணையர் வழக்கில், ஒளிவுமறைவின்றி வெளிப்படையாக இருந்தாலே போதும், எதிரிடை எண்ணத்தை உரிமையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எழுத வேண்டும். பிரதிவாதியின் வக்கீல் கட்டாயம் அதைக் கொண்டுவருவார். அந்தத் தீர்ப்பு எண்ணத்தை அறிவிக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது, எண்ணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணம் இருந்ததா என்று சங்கதியில் தேடினால், 2003ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் குறுக்கே நிற்கிறது.

அந்த அடமானத்தை மாணவர்களில் அநேகமாக யாரும் கண்டுகொள்வதில்லை. வக்கீலம்மாவுக்கோ அதுதான் கேள்வியின் மிக அழகான சங்கதி. சுவர் எழும்பி ஏழாண்டு ஆன பிறகு, பணம் வாங்குவதற்காகத் தன் சொத்தை விவரிக்கும்போது ஒருவர் தன் கையால் 30 அடி என்று எழுதிக் கொடுக்கிறார். தனதென்று நினைத்திருந்தால் 33 என்று காட்டாமல் இருப்பாரா? முடுக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பின் வில்லங்கச் சான்றைப் போட்டு, இடைப்பட்ட காலத்து அடமானம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட் எல்லாவற்றுக்கும் நகல் மனுப் போடுவது அவருடைய வழக்கம். நகராட்சியில் கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தையும் கேட்டு வாங்குவார். வழக்கு என்ற எண்ணமே இல்லாத நாட்களில் ஒருவர் எழுதிய அளவு, வழக்கு வந்த பிறகு சொல்கிற அளவைவிட நம்பத் தகுந்தது.

ஆனாலும் விடை எதிரிடை இல்லை என்ற ஒரே காலில் நிற்கக் கூடாது. மேல்முறையீட்டில் அந்த முடிவு மாறினால் என்ன ஆகும்? அதனால் மாதிரி விடை, ஒரு பேச்சுக்கு 1996 மே மாதமே எதிரிடை தொடங்கியதாக வைத்துக்கொண்டு மேலே போகிறது. பன்னிரண்டு ஆண்டு 2008 மே மாதம் முடிகிறது. கடிதம் எழுதப்பட்டது 2007 ஆகஸ்ட். காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, கெடு முடியும் முன்பு, யாருக்கு எதிராக உரிமை கோரப்படுகிறதோ அவர் எழுத்து மூலம் கையெழுத்திட்டு அந்த உரிமையை ஒப்புக்கொண்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும். கடனுக்கு மட்டும்தான் இந்தப் பிரிவு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொத்தையும் உரிமையையும் பிரிவின் வாசகமே சொல்கிறது. ஆகவே புதுக்கெடு 2019 ஆகஸ்ட் வரை. 2018 ஜனவரியில் போட்ட வழக்கு கெடுவுக்குள் வந்துவிட்டது.

கடிதத்தின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. ‘வம்பு வேண்டாம், ஏதோ ஒரு தொகை தருகிறேன், பிரச்சினையை முடித்துக்கொள்வோம்’ என்று எழுதியிருந்தால் அது சமாதானப் பேச்சு. உரிமையை ஒப்புக்கொண்டதாகக் கொள்வது கடினம். நம் கடிதத்தில் ‘உங்கள் மனையில் மூன்றடி’ என்று இருக்கிறது. அதில் உரிமையும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. கடிதத்தில் தேதி விட்டுப்போயிருந்தால் எப்போது கையெழுத்திட்டார் என்று வாய்மொழிச் சாட்சி கொடுக்கலாம்; கடிதத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும், சாட்சியச் சட்டம் இடங்கொடுத்தாலொழிய, 18ஆம் பிரிவின்கீழ் வாய்மொழியாகச் சொல்ல வழியில்லை. அதனால்தான் பழைய தபால் உறைகளைக் கூடக் கட்சிக்காரர்களிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். முத்திரைத் தேதி எப்போது உதவும் என்று சொல்ல முடியாது.

இங்கே அவர் கேள்வியைத் திருகுவார். கடிதம் 2007 ஆகஸ்டில் எழுதப்படாமல் 2008 ஆகஸ்டில் எழுதப்பட்டிருந்தால்? வகுப்பில் பாதிப்பேர் விடையை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். ஓராண்டு தள்ளிப்போனதில் கெடு கடந்துவிட்டது. மற்ற வழக்குகளில் காலாவதி ஆனால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், உரிமை உள்ளே உயிரோடு இருக்கும். காலாவதியான கடனை ஒருவர் மனமுவந்து கட்டினால் திருப்பிக் கேட்க முடியாது. நிலத்தில் அப்படி இல்லை. 27ஆம் பிரிவு, கெடு முடிந்ததும் சொத்தின் மேலுள்ள உரிமையே அழிந்துபோவதாகச் சொல்கிறது. அழிந்த உரிமையை ஒரு கடிதம் உயிர்ப்பிக்காது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் புதிதாகக் கிரயப் பத்திரம்தான் எழுத வேண்டும். 2008ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு மிஞ்சும் பயன் ஒன்றுதான். 1996 முதலே எதிரிடை எண்ணம் இருந்ததில்லை என்று காட்ட அது சாட்சியமாகலாம். அந்த நிலையில் தாவா முழுவதும் மூன்றாவது எழுவினாவின் மேல் போய் உட்காரும்.

வாங்கியவருக்கு 2011இலிருந்துதான் காலம் ஓடும் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பாவம், அவருக்கு முன்பு எதுவும் தெரியாதே என்ற இரக்கம் அதில் இருக்கிறது. சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே வாதி என்ற சொல், அவருக்கு உரிமையைக் கொடுத்தவரையும் உள்ளடக்கும் என்று விளக்கியிருக்கிறது. ஓடத் தொடங்கிய காலம் கைமாறினால் நிற்காது. மும்பைக்காரர் தூங்கிய ஆண்டுகள் வாங்கியவர் கணக்கில்தான் ஏறும். அதனால்தான் மனை வாங்கும் கட்சிக்காரர்களிடம் வில்லங்கச் சான்றைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கிரயத்துக்கு முன்பே நாலு பக்கமும் அளந்துவிடச் சொல்கிறார் வக்கீலம்மா. வில்லங்கச் சான்றில் சுவர் தெரியாது.

எதிரிடை அனுபவம் ஜெயிக்கவே ஜெயிக்காது என்று ஜூனியர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக, அவர் சொல்லும் இன்னொரு வழக்கு உண்டு. ஒரு கிராமத்தில் களத்தை ஒட்டிய துண்டு நிலம். உரிமையாளர் நோட்டீஸ் விட, அனுபவித்தவர் பதில் நோட்டீஸ் கொடுத்தார்: இடம் உங்கள் சர்வே எண்ணில் இருக்கலாம், ஆனால் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, விட்டுத்தர மாட்டோம், முடிந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைத்து எழுதிய அந்தத் திமிரான பதிலில் தேதி, உரிமையாளர் யார் என்ற அறிவு, மறுப்பு மூன்றும் ஒரே தாளில் வந்துவிட்டன. உரிமையாளர் மனம் நொந்து விட்டுவிட்டார். மகன் தலையெடுத்து வழக்குப் போட வந்தபோது பதில் நோட்டீஸ் தேதியிலிருந்து 12 ஆண்டுகள் தாண்டியிருந்தன. வழக்குத் தோற்றது. பணிந்துபோயிருந்தால் இழந்திருக்கக்கூடிய இடத்தை அந்த மனிதர் பகிரங்கமாகச் சண்டைபோட்டுச் சம்பாதித்தார். இது நியாயமா என்று ஜூனியர்கள் கொதிப்பார்கள். உச்ச நீதிமன்றத்துக்கும் அந்தக் கொதிப்பு இருந்திருக்கிறது. 2008இல் ஹேமாஜி வாகாஜி ஜாட் வழக்கில், நேர்மையற்றவருக்குப் பரிசளிக்கும் இந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. சட்ட ஆணையம் 2023இல் கொடுத்த 280ஆம் அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. வக்கீலம்மாவின் கருத்து ஆணையத்தோடு ஒத்துப்போவதில்லை; தூரத்தில் பிழைக்கப் போன ஏழை உரிமையாளர்தான் இந்தச் சட்டத்தில் அதிகம் இழக்கிறார் என்று வெளிப்படையாகவே சொல்வார். தேர்வில் மட்டும் அதை எழுத வேண்டாம் என்பார், கேட்டது தீர்ப்பு என்பதால்.

பிரதிவாதியே முந்திக்கொண்டு வாதியாக வந்து, எதிரிடை அனுபவத்தில் உரிமை விளம்பக் கோரினால்? 2013இல் குருத்துவாரா சாகிப் வழக்கில் முடியாது என்றார்கள். தற்காப்புக்கு மட்டுமே அந்த வாதம் என்றார்கள். 2019 ஆகஸ்டில் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, 12 ஆண்டு நிறைவில் உரிமை முழுமையடைந்தவர் வாதியாகவும் வரலாம் என்று தீர்ப்பளித்தது. பழைய தீர்ப்பை மட்டும் எழுதிய விடைத்தாளுக்கு அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். முடுக்கு அரசுப் புறம்போக்காக இருந்தால் கெடு 12 இல்லை, 30 ஆண்டு. கோயில் நிலமாக இருந்தால் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவு குறுக்கே வரும். சமய நிறுவனத்தின் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டமே பொருந்தாது. நெல்லை போன்ற ஊர்களில் வீட்டடி மனை கோயிலுக்குச் சொந்தமாக இருப்பது சகஜம் என்பதால், உரிமையாளர் யார் என்பதை முதல் எழுவினாவிலேயே தீர்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி எழுவினா பரிகாரம். ‘வாதிக்குக் கேட்டபடி தீர்ப்பு வழங்கப்படுகிறது’ என்று முடித்த விடைத்தாளை அவர் ஏற்பதில்லை. அந்தத் தீர்ப்பாணையை எடுத்துக்கொண்டு போகும் அமீனா சுவருக்கு முன்னால் நின்று என்ன செய்வார்? மூன்றடி என்பது சுவரின் எந்த முகத்திலிருந்து? ஒன்பது அங்குலச் சுவர் முழுக்க வாதியின் இடத்தில் நிற்கிறதா, எல்லைக்கோட்டின் மேல் பாதி நிற்கிறதா? பிராதில் சொத்து விவரம் அடையாளம் காணும்படி இருக்க வேண்டும் என்று 7ஆம் கட்டளை 3ஆம் விதியும், தீர்ப்பாணையிலும் அதே விவரம் இருக்க வேண்டும் என்று 20ஆம் கட்டளை 9ஆம் விதியும் சொல்வது இதற்காகத்தான். முடுக்கு வழக்கில் ஜெயித்துவிட்டு, நிறைவேற்று மனுவில் மறுபடியும் கமிஷனர், மறுபடியும் அளவை, மறுபடியும் ஆட்சேபம் என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்ட கட்சிக்காரர்களை அவர் பார்த்திருக்கிறார்.

அதனால் மாதிரி விடை இப்படி முடிகிறது: ‘கமிஷனர் வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் காட்டப்பட்டுள்ள, கிழமேல் 3 அடி, தென்வடல் 60 அடி, சுற்றுச்சுவர் உட்பட 180 சதுரடி இடம் வாதிக்குப் பாத்தியப்பட்டது என விளம்பப்படுகிறது. பிரதிவாதி தாவா இடத்திலுள்ள சுவரையும் குளியலறையையும் மூன்று மாதத்துக்குள் தன் செலவில் அகற்றிச் சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வாதி நீதிமன்றம் மூலம் அகற்றிக்கொண்டு செலவைப் பிரதிவாதியிடம் வசூலிக்கலாம். கமிஷனர் வரைபடம் தீர்ப்பாணையின் பகுதியாகச் சேர்க்கப்படுகிறது.’